30 மீட்டர் கடிகாரமும் கிணற்றுக் குளியலும்

கைக்கடிகாரம் விற்கும் நம் கடைக்காரர்கள் சிலர் வாடிக்கையாளரிடம் தயங்காமல் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: "30 மீட்டர் போட்டிருக்கு சார், தண்ணி போகவே போகாது." இந்த வாசகத்தைக் கைவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது நமது கருத்து. டைட்டன் தொழிற்சாலை இருக்கும் ஓசூர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கடிகாரம் தயாராகும் வட்டாரத்தில் கடை வைத்துக்கொண்டு, அதன் பின்மூடியில் பொறித்த எண்ணுக்குப் பொருள் தெரியாமல் விற்பது நமக்கு அழகல்ல.

30 மீட்டர் என்பது 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்ற அனுமதி அல்ல. அது அழுத்தத்தின் பெயர். பத்து மீட்டர் ஆழ நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். ஆகவே 30 மீட்டரும் 3 பாரும் ஒன்றே. ஐஎஸ்ஓ 22810 என்ற சர்வதேசத் தரத்தின்படி, புதிய கடிகாரத்தை அசைக்காமல் வைத்து, அந்த அழுத்தத்தைப் பத்து நிமிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். இந்தத் தரத்தில் மாதிரிக்குச் சிலவற்றைச் சோதித்தாலே போதும். முக்குளிப்போருக்கான ஐஎஸ்ஓ 6425 தரம் வேறு வகை. அதில் ஒவ்வொரு கடிகாரமும் குறித்த ஆழத்துக்கும் கால் பங்கு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கப்படும்.

அப்படியானால் இரண்டு மீட்டர் ஆழத்தில் நீந்தினால் ஏன் தண்ணீர் புகுகிறது? கையை வீசும்போது அழுத்தம் பல மடங்காகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து கிணற்றில் குதித்தால், நீரைத் தொடும்போது வேகம் விநாடிக்குச் சுமார் பத்து மீட்டர். அந்த வேகம் தரும் கூடுதல் அழுத்தம் அரை பார், அதாவது ஐந்து மீட்டர் ஆழத்துக்குச் சமம். கண்ணாடி தட்டையாக நீரில் அறைந்தால் கணநேரம் இன்னும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரணமாகக் கைவீசி நீந்துவதில் இந்த அரை பாரும் வராது.

உண்மையான குற்றவாளி ரப்பர் வாஷர். பின்மூடியின் கீழும், சாவித் தண்டைச் சுற்றியும், பல கடிகாரங்களில் கண்ணாடி ஓரத்திலும் இருக்கும் அந்த மெல்லிய வளையம்தான் நீரைத் தடுக்கிறது. வியர்வையும் சோப்பும் வெந்நீரும் பட்டுப் பட்டு அது இறுகி, நசுங்கி, வெடிக்கும். குளியலறையில் வேறொரு தொல்லையும் உண்டு. வெந்நீரில் 40 டிகிரிக்குச் சூடான கடிகாரம் குளிர்ந்த நீர் பட்டு 20 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே உள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஆறு சதவீதம் குறையும். வாஷர் தளர்ந்திருந்தால் வெளி ஈரம் உள்ளே உறிஞ்சப்படும். சோப்பு நீர், வெறும் நீரைவிட எளிதாக நுண்ணிய இடுக்கில் நுழையும். ஆகவே நீச்சல் குளத்தைவிட வெந்நீர்க் குளியலே கடிகாரத்துக்குக் கெடுதல் என்று சொன்னால் மிகையல்ல.

நம் கடைவீதியில் வழக்கமாக நடப்பதைச் சொல்வோம். ஒருவர் ஒன்றரை வருடம் கட்டிய கடிகாரத்துக்குச் செல் மாற்றுகிறார். கடையில் பின்மூடியைத் திறந்து, பழைய வாஷரையே திரும்ப வைத்து, மூடியை அழுத்திக் கொடுக்கிறார்கள். வாஷர் சற்றே முறுக்கிக்கொண்டாலும் வெளியே தெரியாது. அடுத்த வாரம் கண்ணாடிக்குள் பனி படர்கிறது. பழி கம்பெனி மீது விழுகிறது. பின்மூடியில் 30 மீட்டர் என்பது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் திறந்த நிமிடமே அந்த எண்ணுக்கு உத்தரவாதம் போய்விட்டது.

ஆகவே செல் மாற்றும்போது வாஷரையும் மாற்ற வேண்டும். அதன் விலையைத் தனியாகச் சொல்லி வாங்குவதில் தவறில்லை. மாற்றியபின் காற்றழுத்தச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்ப்பதே முறை. கருவி இல்லாத கடையில், "இனி தண்ணீரில் நனைக்காதீர்கள்" என்று பில்லிலேயே எழுதிக் கொடுக்கலாம். உள்ளே ஏற்கெனவே ஈரம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. கடிகாரத்தை 40 முதல் 45 டிகிரி வரை இதமாகச் சூடாக்கி, கண்ணாடி மீது ஒரு சொட்டுக் குளிர்நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் மங்கினால் ஈரம் உள்ளது. மங்காவிட்டால் இப்போது உள்ளே ஈரமில்லை என்று மட்டுமே பொருள். இனியும் புகாது என்று பொருளல்ல.

விற்பனையின்போது நாம் சொல்ல வேண்டியது சுருக்கமானது. 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். நீந்த வேண்டுமானால் 50 மீட்டராவது, கிணற்றில் குதிப்பவருக்கு 100 மீட்டர். எந்த எண்ணாக இருந்தாலும் வெந்நீர்க் குளியலுக்குக் கழற்றி வைக்கட்டும். நீரில் இருக்கும்போது சாவியை இழுக்கவே கூடாது.