முப்பது பந்துகளின் சாட்சி

2020 அக்டோபர் 17, ஷார்ஜா. சென்னை சூப்பர் கிங்ஸுக்கு எதிராக டெல்லி கேபிடல்ஸ் அணிக்குக் கடைசி ஓவரில் 17 ரன் தேவை. வழக்கமாக அந்த ஓவரை வீசும் பிராவோ காயத்தால் களத்தில் இல்லை. தோனி பந்தை ரவீந்திர ஜடேஜாவிடம் கொடுத்தார். எதிரே ஷிகர் தவன், அக்‌ஷர் படேல், இருவரும் இடக்கை ஆட்டக்காரர்கள். முதலில் ஒரு வைடு, பிறகு தவன் ஒரு ரன். அடுத்த நான்கு பந்துகளையும் அக்‌ஷர் சந்தித்தார்: ஆறு, ஆறு, இரண்டு, ஆறு. ஒரு பந்து மீதமிருக்க ஆட்டம் முடிந்தது.

அந்த நான்கு பந்துகளை மட்டும் தனியே எடுத்து எழுதினால், ஜடேஜாவுக்கு எதிராக அக்‌ஷரின் ஸ்டிரைக் ரேட் 500. இந்த எண்ணை யாரும் அப்படியே நம்ப மாட்டார்கள். நான்கு பந்து என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஆனால் இதுபோன்ற ஓர் எண் ‘31 பந்து, 24 ரன், 4 முறை அவுட்’ என்று தொலைக்காட்சியின் அடிப்பட்டையில் ஓடும்போது நாம் தலையாட்டிவிடுகிறோம். வர்ணனையாளர் “இவருக்கு அவரைக் கண்டாலே ஆகாது” என்கிறார். அணித்தலைவர் அந்தப் பந்துவீச்சாளரை அழைக்கிறார். நான்கு பந்தை நம்பாத நாம் முப்பது பந்தை ஏன் நம்புகிறோம்? நம்பலாமா? இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பேட்டர் ஏறத்தாழ 20 பந்துக்கு ஒருமுறை ஆட்டமிழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் உண்மைக்கு அருகில் உள்ள எண்தான். இப்போது ஒரு பந்துவீச்சாளருக்கும் ஒரு பேட்டருக்கும் நடுவே எந்தத் தனிப்பட்ட பகையும் இல்லை, எல்லோரையும் போல 20க்கு ஒன்று என்ற அதே வாய்ப்புதான் என்று கொள்வோம். அவர்கள் 30 பந்துகளில் மோதினால் சராசரியாக ஒன்றரை முறை அவுட் வரவேண்டும்.

என் மகளோடு உட்கார்ந்து இதைச் சீட்டுப் போட்டுப் பார்த்தேன். இருபது துண்டுக் காகிதம். ஒன்றில் மட்டும் ‘அவுட்’ என்று எழுதி, எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். முப்பது தடவை எடுத்தால் ஒரு ‘மோதல்’. பத்து மோதல்களில் வந்த அவுட்டுகள் இவை: 1, 0, 2, 1, 4, 1, 0, 3, 2, 2. டப்பா ஒன்றேதான், சீட்டுகளும் அவையேதான். ஆனாலும் ஐந்தாவது வரிசையைப் பார்த்ததும் மகள், “இந்த பவுலரைப் பார்த்தா இவருக்குப் பயம்” என்றாள். பூஜ்யம் வந்த இருவரைப் பற்றி, “இவங்களை அவரால அவுட்டாக்கவே முடியாது” என்றாள். தொலைக்காட்சியில் கேட்ட அதே வாக்கியங்கள்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. எந்தப் பகையும் இல்லாத நூறு ஜோடிகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 பந்து கொடுத்தால், சுமார் 21 ஜோடிகளில் ஒருமுறைகூட அவுட் வராது. சுமார் 6 ஜோடிகளில் நான்கோ அதற்கு மேலோ வரும். ஐ.பி.எல்.லில் இந்த அளவுக்குப் பந்துகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஜோடிகள் ஏராளம். அவற்றில் நூற்றுக்கு ஆறு, யாருடைய திறமையும் பலவீனமும் இல்லாமலே, ‘இரையும் வேடனுமாக’ நமக்குக் காட்சி தரும்.

ரன் கணக்கு இதைவிடவும் ஆட்டம் காணக்கூடியது. 30 பந்தில் ஒரே ஒரு சிக்ஸர் கூடினாலோ குறைந்தாலோ ஸ்டிரைக் ரேட் 20 புள்ளி நகர்ந்துவிடும். எல்லைக்கோட்டில் நிற்பவரின் விரல் நுனியில் பட்டுத் தாண்டிய பந்தா, உள்ளங்கையில் நின்ற பந்தா என்பதில் 133 என்பது 113 ஆகிறது, கூடவே ஒரு அவுட்டும் சேர்கிறது. அடித்தவரின் அடி இரண்டிலும் ஒன்றுதான்.

இங்கே இன்னொரு விஷயம் மறைந்திருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அடிப்பட்டையில் ஓடும் ஜோடியை யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒன்றரை அவுட் வரவேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோ வந்த ஜோடியைத் திரையில் போட மாட்டார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வந்ததைத்தான் போடுவார்கள். என் வீட்டு டப்பாவிலிருந்து ஐந்தாவது வரிசையை மட்டும் உங்களுக்குக் காட்டுவதைப் போல.

விராட் கோலியை ஐ.பி.எல்.லில் சந்தீப் சர்மா 7 முறை வீழ்த்தியிருக்கிறார். இது உண்மை, பலமுறை எழுதப்பட்டதும்கூட. கோலி அந்தப் போட்டியில் 200 முறைக்கு மேல் ஆட்டமிழந்திருக்கிறார், நூற்றுக்கும் மேற்பட்ட பந்துவீச்சாளர்களைச் சந்தித்திருக்கிறார். இந்த 200ஐயும் அத்தனை பேருக்கும் பிரித்துக் கொடுத்தால் யாராவது ஒருவர் பட்டியலின் உச்சியில் இருந்தே ஆகவேண்டும். புதுப்பந்தை ஸ்விங் செய்பவர் சந்தீப். பல ஆண்டுகள் தொடக்க வீரராக வந்தவர் கோலி. இருவரும் சந்திக்கும் வாய்ப்பே மற்றவர்களைவிட அதிகம். ஏழில் எவ்வளவு சந்தீப்பின் ஸ்விங், எவ்வளவு சந்திப்புகளின் எண்ணிக்கை, எவ்வளவு தற்செயல் என்று அந்த ஏழை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது.

வீழ்த்திய எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்த பழைய கதை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியத் தொடக்க வீரர் ஆர்தர் மோரிஸை இங்கிலாந்தின் அலெக் பெட்ஸர் டெஸ்ட் போட்டிகளில் 18 முறை ஆட்டமிழக்கச் செய்தார். ‘பெட்ஸரின் பன்னி’, அதாவது அவர் கையில் சிக்கும் முயல்குட்டி என்று மோரிஸுக்குப் பெயர். அந்த மோரிஸ் இங்கிலாந்துக்கு எதிராக மட்டும் 8 டெஸ்ட் சதம் அடித்தார். 1948 தொடரின் ஐந்து டெஸ்ட்டுகளிலும் பெட்ஸர் ஆடினார். மோரிஸ் எடுத்தது 696 ரன், சராசரி 87. பன்னி என்ற பேச்சு உச்சத்தில் இருந்த 1950-51 தொடரில், அடிலெய்டில் 206 அடித்தார். முயல்குட்டியின் கணக்கா இது? இங்கிலாந்து பந்துவீச்சின் பெரும் சுமையைத் தூக்கியவர் பெட்ஸர். புதுப்பந்து அவர் கையில். எதிரே முதலில் நிற்பவர் மோரிஸ். அவர் எப்படியும் ஒரு கட்டத்தில் அவுட் ஆகத்தான் வேண்டும்; அதிகம் வீசுபவரிடம் அதிகம் ஆவார். 18 என்ற எண்ணுக்குக் கீழே எத்தனை பந்து, எத்தனை ரன் என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

அப்படியானால் பந்துகள் சேரும்வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஒரு பந்துவீச்சாளருக்கு ஓர் ஆட்டத்தில் 24 பந்து. அதில் ஒரு குறிப்பிட்ட பேட்டருக்கு ஐந்தாறு விழுந்தால் பெரிது. இரு அணிகள் லீக் சுற்றில் ஒன்றோ இரண்டோ முறை மோதுகின்றன. ஒருவர் காயம், மற்றவர் சீக்கிரம் அவுட் என்ற கழிவெல்லாம் போக, ஆண்டுக்குப் பத்துப் பந்து தேறும். நூறு பந்து சேரப் பத்து ஆண்டு. அதற்குள் ஏலத்தில் இருவரும் ஒரே அணிக்குப் போய்விடவும் கூடும். போகாவிட்டாலும் அவர்கள் அதே ஆட்கள் இல்லை. ஜஸ்பிரித் பும்ராவின் முதல் ஐ.பி.எல். விக்கெட் 2013இல் கோலி. அன்று பும்ரா யாரென்று யாருக்கும் தெரியாது. அந்த விக்கெட்டும், உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளராக ஆன பின் அவர் வீசிய பந்துகளும் ஒரே வரியில் கூட்டப்படுகின்றன. பவர்பிளேயில் ஸ்விங் ஆகும் பந்தும், கடைசி ஓவரில் கண்ணை மூடிச் சுற்றியாக வேண்டிய பந்தும்கூட அதே வரியில்தான்.

இதனால் மோதல் கணக்கு முழுவதும் பொய் என்று ஆகாது. டேவிட் வார்னரை ஸ்டூவர்ட் பிராட் டெஸ்ட்டில் 17 முறை வீழ்த்தினார்; 2019 ஆஷஸ் தொடரில் மட்டும் பத்து இன்னிங்ஸில் 7 முறை. அதில் கண்ணால் காணக்கூடிய காரணம் இருந்தது. பிராட் விக்கெட்டைச் சுற்றி வந்து வீசினார். பந்து இடக்கை ஆட்டக்காரரின் ஸ்டம்பை நோக்கி உள்ளே வந்து, பட்டதும் நேராகவோ வெளியேயோ போனது. விளையாடவும் முடியாது, விடவும் முடியாது. முக்கியமானது, அதே கோணம் மற்ற இடக்கை ஆட்டக்காரர்களையும் தொல்லைப்படுத்தியது. நம்பத்தக்க மோதலுக்கு இதுவே நல்ல அடையாளம். காரணம் பந்தின் பாதையில் இருந்தால், அது ஒரே ஓர் ஆளோடு நின்றுவிடாமல் அந்த வகை ஆட்டக்காரர்கள் எல்லோரிடமும் ஓரளவு தெரியும். வகைக்கு ஆயிரக்கணக்கில் பந்து கிடைக்கும். அங்கே தற்செயலின் குரல் அடங்கிவிடும்.

ஆகவே அணியின் கணக்காளர் செய்ய வேண்டியது, ஜோடியின் சிறு கணக்கை வகையின் பெரிய கணக்கோடு கலப்பது. நான்கு அவுட் வந்த 30 பந்து ஜோடியைத் தனியே பார்த்தால் ஏழரைப் பந்துக்கு ஓர் அவுட். அதோடு, வகையின் வழக்கப்படியான 200 பந்தைச் சேருங்கள். 20க்கு ஒன்று என்ற விகிதத்தில் அதில் 10 அவுட். மொத்தம் 230 பந்து, 14 அவுட்: பதினாறு பந்துக்குச் சற்று மேல் ஒன்று. பகை இருக்கலாம், ஆனால் இவ்வளவுதான் என்கிறது இந்த எண். 200 என்பது என் மதிப்பீடு; ஒருவர் 150 என்பார், இன்னொருவர் 300 என்பார். பூஜ்யம் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. கலக்காத அடிப்பட்டை எண் அந்தப் பூஜ்யத்தைத்தான் சொல்லாமல் சொல்கிறது.

ஷார்ஜாவுக்கும் இதையே போட்டுப் பார்க்கலாம். இடக்கைச் சுழலை இடக்கை ஆட்டக்காரர் பந்துக்கு 1.4 ரன் அடிப்பார் என்று வைத்தால், 200 பந்துக்கு 280. அக்‌ஷரின் நான்கு பந்து, 20 ரன்னைச் சேர்த்தால் 204 பந்தில் 300. 140 ஆக இருந்த ஸ்டிரைக் ரேட் 147 ஆகிறது. அந்த இரவின் மூன்று சிக்ஸருக்கு இதற்கு மேல் சாட்சி பலம் கிடையாது. பந்து கையில் இருந்த நேரத்தில் தோனிக்குத் தெரிந்திருக்கக்கூடியவை வேறு: சுழன்று உள்ளே வரும் பந்து, இடக்கையில் இருவர், ஷார்ஜாவின் குட்டையான எல்லைக்கோடு, உடைமாற்றும் அறையில் பிராவோ.