கடல் மூடுபனி: கண்ணுக்குத் தெரியாத கப்பலும், கப்பலுக்குத் தெரியாத படகும்

1986 ஆகஸ்ட் 11. கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவின் தெற்கே, செயின்ட் ஷாட்ஸ் என்ற ஊருக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் 155 இலங்கைத் தமிழர்கள். ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த கப்பல், படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மூடுபனிக்குள் நாட்கணக்கில் தத்தளித்தவர்களைக் கண்டுபிடித்தவர் கஸ் டால்டன் என்ற மீனவர். 155 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

அது கோடைக்காலம். கோடையில் எப்படி மூடுபனி வரும்?

ஏசி காரிலிருந்து இறங்கினால் தெரியும்

குளுகுளு ஏசி காரிலிருந்து சென்னை வெயிலில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடி சட்டென்று மங்கிப்போகும். வெளியே இருக்கும் ஈரக்காற்று, குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளியாக மாறுவதுதான் காரணம். கடல் மூடுபனியும் இதே வேலைதான். அங்கே கண்ணாடிக்குப் பதில் குளிர்ந்த கடல்.

நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே வடக்கிலிருந்து லாப்ரடார் நீரோட்டம் ஆர்க்டிக் குளிரைச் சுமந்து வருகிறது. தெற்கே வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான நீர் ஓடுகிறது. கோடையில் தெற்கிலிருந்து வீசும் காற்று, அந்தச் சூடான நீரின் மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து குளிர்ந்த நீரின் மேல் ஏறுகிறது. அங்குள்ள அர்ஜென்ஷியா என்ற இடத்தில் ஆண்டுக்கு 200 நாட்களுக்கு மேல் மூடுபனி பதிவாகிறது.

ஒரு சின்னக் கணக்கு. காற்றின் வெப்பம் 18 டிகிரி, அதிலுள்ள ஈரம் கனமீட்டருக்குச் சுமார் 13.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் காற்றால் சுமார் 9.4 கிராம் ஈரத்தைத்தான் ஆவியாக வைத்திருக்க முடியும். மீதி வெளியேறியே ஆகவேண்டும். அதில் ஒரு பகுதி கடலிலேயே படிந்துவிடும். மிஞ்சியது, காற்றில் மிதக்கும் நுண்ணிய உப்புத் துகள்களைப் பற்றிக்கொண்டு துளிகளாகிறது. ஒரு கனமீட்டரில் அரை கிராம்கூட இல்லாத துளிநீர் போதும், எதிரே இருக்கும் படகு மறைந்துவிடும்.

வெயில் வந்தாலும் கலையாது

மார்கழி அதிகாலையில் வயலில் படியும் மூடுபனி, இரவில் தரை குளிர்வதால் வருவது. காற்று அசையாமல் இருந்தால்தான் அது நிற்கும். வெயில் ஏறித் தரை சுட்டதும் கலைந்துவிடும். கடல் அப்படி இல்லை. நாள் முழுக்க வெயில் அடித்தாலும் நீரின் வெப்பம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. காற்று வீசினால் புதிய ஈரம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். மேலே சூடான காற்று மூடிபோட்டது போல நிற்பதால், கீழே உள்ள குளிர்ந்த காற்று மேலெழுந்து கலையவும் வழியில்லை. அதனால் சில சமயம் நாட்கணக்கில் நீடிக்கும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க இரண்டே எண்கள் வேண்டும். ஒன்று, கடல்நீரின் வெப்பம். இன்னொன்று, காற்றின் பனிநிலை, அதாவது எந்த வெப்பத்துக்குக் குளிர்ந்தால் அந்தக் காற்றின் ஈரம் துளியாக மாறத் தொடங்கும் என்ற அளவு. பனிநிலை 16, கடல் 10 என்றால் மூடுபனிக்கு வாய்ப்பு அதிகம். கடல் 20 என்றால் கவலை குறைவு. சென்னைக் கடற்கரையில் இந்த வகை மூடுபனி உருவாவது அபூர்வம் என்பதற்கும் காரணம் இதுதான். வங்காள விரிகுடாவின் நீர் பெரும்பாலும் 26 டிகிரிக்கு மேல். வரும் காற்றைக் குளிரவைக்க அந்த நீரால் முடியாது.

15 விநாடிதான்

பார்வை தூரம் 200 மீட்டர் என்று கொள்வோம். 10 நாட் வேகத்தில் போகும் மீன்பிடிப் படகு விநாடிக்கு 5 மீட்டர் நகர்கிறது. எதிரே 15 நாட் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் விநாடிக்குச் சுமார் 8 மீட்டர். முதல் முறையாகக் கண்ணில் பட்டதிலிருந்து மோதும் வரை இருப்பது 15 விநாடி. ஆனால் பெரிய கப்பல் நிற்க ஒன்றிரண்டு கிலோமீட்டராவது வேண்டும். அந்த 15 விநாடியில் விலக முடிந்தது படகு மட்டும்தான், அதுவும் ஓட்டுபவர் சரியான பக்கம் திருப்பினால்.

"ரேடார் இருக்கே, பார்த்துக்கலாம்" என்பது பழைய நம்பிக்கை. 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே மூடுபனிப் பகுதியில் ஆண்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரு பயணிகள் கப்பல்கள் மோதின. 51 பேர் இறந்தார்கள். இரண்டு கப்பலிலும் ரேடார் இருந்தது. ஒன்றையொன்று திரையில் பார்த்தும் இருந்தன. வேகத்தைத்தான் போதுமான அளவு குறைக்கவில்லை.

சிறு படகுக்கு நிலைமை இன்னும் மோசம். மரமும் ஃபைபரும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அலைகள் எழுப்பும் இரைச்சலுக்குள் படகு கரைந்துவிடும். கப்பலின் திரையில் அந்த இடம் வெறும் கடல்.

நான் எங்கே இருக்கேன்னு மேப் சொல்லும், அது போதுமா?

இன்று ஜிபிஎஸ், செல்போன் மேப் இல்லாத படகு குறைவு. அவை மூடுபனியில் கரைக்கு வழிகாட்டும். படகு அங்கே இருப்பதைக் கப்பலுக்குச் சொல்லாது. சிறு படகுகளின் பாதுகாப்பு பற்றிய பேச்சு இங்கேதான் தடம் மாறுகிறது. வழி தெரிவதற்குச் செலவழிக்கும் அளவுக்கு, பிறர் கண்ணில் படுவதற்கு யாரும் செலவழிப்பதில்லை.

சர்வதேச கடல் விதிகளே இதில் கொஞ்சம் தளர்வாக இருக்கின்றன. மூடுபனியில் நகரும் விசைக்கப்பல், 2 நிமிடத்துக்குள் ஒரு முறையாவது நீண்ட ஊதல் கொடுக்க வேண்டும். மீன்பிடித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு நீண்ட ஊதல், இரண்டு குறுகிய ஊதல். 12 மீட்டருக்குக் குறைவான படகுக்கு இந்த முறை கட்டாயமில்லை. ஏதாவது பலமான சத்தம் கொடுத்தால் போதும். பாத்திரத்தைத் தட்டுவதுகூட ஒப்புக்கொள்ளப்படலாம். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, மூடிய அறைக்குள் நிற்கும் கப்பல் அதிகாரிக்கு அது கேட்குமா? கேட்டாலும் எந்தப் பக்கம் என்று சொல்வது கஷ்டம், ஏனென்றால் மூடுபனியில் ஒலி வளைந்தும் வரும்.

அதனால் படகு உரிமம் கொடுக்கும்போதே ஒரு ரேடார் பிரதிபலிப்பானையும் ஊதுகுழலையும் கட்டாயமாக்குவதுதான் நியாயம். ரேடார் பிரதிபலிப்பான் என்பது செங்கோணத்தில் பொருத்திய உலோகத் தகடுகள். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். உயரமாகக் கட்டினால் போதும், வந்த அலையை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். கடல் கொந்தளித்தால் அதுவும் திரையில் மறையலாம் என்பது உண்மை. ஆனால் எதுவுமே இல்லாத படகைவிடத் தெரிவதற்கான வாய்ப்பு பல மடங்கு கூடும்.

மீதி, ஓட்டுபவரின் கையில். முன்பக்கம் ஊதல் கேட்டதும் வேகத்தை மிகக் குறைக்க வேண்டும். தேவைப்பட்டால் நிறுத்திவிட வேண்டும். கப்பல் பாதையைவிட்டு விலகி, கப்பல் வர முடியாத ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருப்பதில் வெட்கம் இல்லை. ஒருநாள் மீன் போனால் போகட்டும்.

1986இல் அந்த 155 பேர் மூடுபனிக்குள் தத்தளித்தார்கள். ஒரு மீனவரின் கண்ணில் பட்டதால் பிழைத்தார்கள். தினமும் கடலுக்குப் போகிறவர்கள் அந்த அதிர்ஷ்டத்தை நம்பிப் போகக் கூடாது.