கணக்கில் என்ன கொடுத்திருக்கு?

நேற்று எதிர்வீட்டுப் பெண் மகனுக்காக ஒரு கணக்கு கேட்டாள். "செவ்வகத் தோட்டத்தின் சுற்றளவு 60 மீட்டர். பரப்பளவு என்ன சார்?" பையன் 225 என்று எழுதி வைத்திருந்தான். 60-ஐ நாலால் வகுத்து 15, பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கி 225. சதுரம் என்று யார் சொன்னது?

நீளமும் அகலமும் சேர்ந்து 30 என்பது மட்டும்தான் தெரியும். 20-ம் 10-ம் என்றால் பரப்பு 200 சதுர மீட்டர். 25-ம் 5-ம் என்றால் 125. வேலி அதே நீளம்தான், தோட்டம்தான் வேறு.

"நோட்டைப் பார்த்து அப்படியே வாசிம்மா" என்றேன். ஒரு வரியை விட்டிருந்தாள்: "நீளம் அகலத்தைவிட இரு மடங்கு அதிகம்."

இந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. இரு மடங்கு என்றால் 20, 10. இரு மடங்கு 'அதிகம்' என்றால் அகலத்தோடு இன்னும் இரண்டு அகலம் சேர்ந்து மூன்று மடங்கு. அப்போது 22.5, 7.5, பரப்பு 168.75. எழுதியவர் நினைத்தது முதலாவதாகத்தான் இருக்கும், முழு எண்ணாக வருகிறதே! ஆனால் விடையின் அழகைப் பார்த்துக் கேள்வியை ஊகிக்கப் பிள்ளைகளைப் பழக்கியது நாம்தான். நானும் பல வருஷம் அதைச் செய்தவன்.

"எந்த மடங்குன்னு டீச்சரைக் கேளுடா" என்றேன்.

"கேட்டா திட்டுவாங்க தாத்தா."

சரி, இரண்டு விடையையும் எழுது, வரியை எப்படி எடுத்துக்கொண்டாய் என்று பக்கத்தில் எழுது என்று சொல்லியிருக்கிறேன். மார்க் குறைத்தால் நான் போய்க் கேட்கிறேன்.