அடுக்களை பாடிய பாட்டு



அன்னையின் அடுக்களையைப் பற்றிப் பாட்டெழுத முனையும் பிள்ளைகள் பெரும்பாலும் அன்னையைப் புகழத் தொடங்கிவிடுகிறார்கள். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டைப் பாடிய கூடலூர் கிழார் அவ்வாறு செய்யவில்லை. அவர் அடுக்களையில் கண்டவற்றை மட்டுமே சொல்கிறார்.

மணமாகிச் சென்ற மகள் வீடு நடத்துகிறாளா என்று பெற்ற தாய்க்குக் கவலை. போய்ப் பார்த்து வந்த வளர்ப்புத் தாய் அவளுக்குச் சொல்லும் செய்தியே பாட்டு. கட்டித் தயிரை விரலால் பிசைந்தாள். அவ்விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்திருந்தாள். தாளிப்புப் புகை கண்களில் நிறைந்தது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்டான். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. இவ்வளவுதான்.

அழுக்கான ஆடையைத் தாய் ஏன் குறையாகச் சொல்லவில்லை? தயிர்க்குழம்பு வைத்தவர்களுக்கு விடை தெரியும். நுரை கட்டும் வேளையில் இறக்காமல் கொதிக்கவிட்டால் தயிர் திரிந்து, நீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்துவிடும். தாளிப்போ இன்னும் அவசரமானது. கடுகு வெடிக்கும் ஓசை அடங்கத் தொடங்கியதும் இறக்க வேண்டும். சற்றுத் தாமதித்தால் வெந்தயம் கருகிக் குழம்பு முழுவதும் கசக்கும். கண் எரிந்தாலும் அடுப்பைவிட்டு நகர இயலாது. ஆகவே கறைபட்ட ஆடையும் புகைபட்ட கண்ணும் மகள் அடுப்பருகிலேயே நின்றாள் என்பதற்குச் சான்றுகள். பெற்றவளின் கவலைக்கு விடை அதிலேயே இருக்கிறது.

இதன் மறுபக்கத்தை நம் புதுக்கோட்டை மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு பாட்டில் காண்கிறோம். ஒல்லையூரை வென்றவன் பூதபாண்டியன். அவ்வூர் இன்றைய ஒலியமங்கலம் என்பர். அவன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது புறநானூற்றின் 246-ஆம் பாட்டு. தீப்பாய வேண்டாமென்று தடுத்த சான்றோருக்கு, கைம்பெண்ணின் உணவை அவள் எடுத்துரைக்கிறாள்: நீர் பிழிந்த சோற்றுத் திரள், எள்ளுத் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. நறுமண நெய் அதைத் தீண்டுவதில்லை. பரற்கற்களே அவளுக்குப் படுக்கை. உயிர்விடுவதினும் கொடியதாக அவளுக்குத் தோன்றிய வாழ்வு, நெய்மணம் இல்லாத அந்த இலையில் தெரிகிறது. கணவனை இழந்தவளின் அடுப்பில் நெய்யையும் மறுத்த வழக்கத்தின் கொடுமையை வேறு சொல் இன்றி அறிகிறோம்.

ஒரு பாட்டில் புகை நிறைந்திருக்கிறது; மற்றொன்றில் மணமே இல்லை. துயரம், மகிழ்ச்சி என்ற சொற்களை அடுக்காமலே இரண்டும் ஒரு பெண்ணின் நிலையைச் சொல்லிவிடுகின்றன. உங்கள் இல்லத்துப் பிள்ளை அன்னைக்குப் பாட்டெழுத அமர்ந்தால், முதலில் ஒரு நாள் அடுக்களை வாயிலில் உட்காரச் சொல்லுங்கள். எந்த ஓசை கேட்டதும் அன்னை கரண்டியை எடுக்கிறாள், எந்த மணம் வந்ததும் அடுப்பைத் தணிக்கிறாள் என்று குறித்துக்கொள்ளட்டும். பாட்டு அங்கே இருக்கிறது.