அந்தக் கடிதத்தில் கை வைக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று நாளாக நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கடிதத்தைப் பற்றிப் பேச்சு. மகனுக்குத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஒரு தாய் நீதிபதிக்கு எழுதிய கடிதம் அது. என்னிடம் பிழை திருத்தக் கொடுத்தார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். யாரென்று தெரிந்தவர்கள் பெயரைப் போட வேண்டாம்.

பையனுக்கு 20 வயது. நண்பனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய், மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து நடந்து வந்த ஒரு பெண்ணின் கைப்பேசியைப் பறித்தான். நான்காம் நாள் பிடிபட்டான். போன் திரும்பக் கிடைத்தது, ஆனால் திரை உடைந்துவிட்டது. இதற்கு முன் அவன் மேல் வழக்கு எதுவும் இல்லை. வக்கீலிடம் பேசி, குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறான். புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

குழுவில் ஒருவர், "உள்ளே போய் வந்தால்தான் புத்தி வரும், தாய் எதற்குக் கெஞ்ச வேண்டும்?" என்று எழுதியிருக்கிறார். ஐயா, கெஞ்சல் என்று நீங்கள் சொல்வது 1958-லேயே நம் நாட்டுச் சட்டத்தில் இடம் பெற்றுவிட்டது. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று பெயர். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், நீதிபதி சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பிணையில் மூன்று ஆண்டுக்கு மிகாத காலத்துக்கு வெளியே விடலாம். அந்தக் காலத்தில் பிணையை மீறினால் பழைய குற்றத்துக்கே கூப்பிட்டுத் தண்டிக்கலாம். 21 வயது ஆகாதவன் என்றால் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்காமல், ஏன் வெளியே விட முடியாது என்று காரணம் எழுதாமல், அவனைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. இந்தப் பையனுக்கு வருகிற தை மாதம் 21 முடிகிறது. குற்றம் செய்த நாளில் என்ன வயது என்பது கணக்கில்லை, குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்மானிக்கும் நாளில் என்ன வயது என்பதே கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. வாய்தா வாங்கி இழுத்தடித்தால் லாபம் என்று யோசனை சொல்கிற மாமாக்கள் இதைக் கவனிக்கவும்.

சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக விட்டுவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. ராத்திரியில் தனியாக வரும் பெண்ணிடம் பறித்த வழக்கில் எந்த நீதிபதியும் முகம் சுளிக்கத்தான் செய்வார். சுளிக்கவும் வேண்டும். அதனால்தான் அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது முக்கியமாகிறது.

முதலில் அவர் கொண்டு வந்தது யாரோ டைப் அடித்துக் கொடுத்தது. "என் மகன் ஒரு பாவமும் அறியாதவன், கூடா நட்பால் இந்த வழக்கில் சிக்க வைக்கப்பட்டான், தங்கள் பொற்பாதங்களில் விழுந்து கேட்கிறேன்." இதை வாசிக்கும் நீதிபதி என்ன நினைப்பார்? மகன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், தாய் அவன் செய்யவே இல்லை என்கிறாள். இவள் வீட்டுக்கு இவனை அனுப்பினால் யார் கண்டிப்பார்கள்? நன்னடத்தைப் பிணை முழுக்க முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. பையனுக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான வீடு இருக்கிறதா, ஒழுங்கான வேலை இருக்கிறதா என்று சட்டமே கேட்கிறது. பொற்பாதம் அதற்குப் பதில் இல்லை.

நான் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, "நீயே சொல்லும்மா, நடந்ததைச் சொல்" என்றேன். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வைத்தேன். அப்பா லாரி ஓட்டுபவர், மாதத்தில் ஆறு நாள்தான் வீட்டில். பையன் பாலிடெக்னிக்கை இரண்டாம் ஆண்டில் விட்டான். பிறகு இரவு பதினொரு மணிக்கு வந்தாலும் தாய் கேட்கவில்லை. இப்போது வெல்டிங் பட்டறையில் வேலை, முதலாளி கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்திருக்கிறார். தாய்மாமன் அதே ஊரில் சொந்த வீட்டுக்காரர், ஜாமீன் நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறார். இவை ஒவ்வொன்றையும் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்துச் சரிபார்க்க முடியும்.

பிறகு ஒரு பத்தி. குழுவில் பலரும் எடுக்கச் சொல்வது அதைத்தான். "அந்தப் பெண் இப்போது இரவு ஷிப்டுக்குப் போவதில்லை என்று வக்கீல் சொன்னார். போனைச் சரிபார்க்க 3,200 ரூபாய் செலவு. நானும் வேலைக்குப் போகும் பெண்தான். என் மகன் செய்தது தப்பு." இதை எழுதினால் வழக்கு பலமாகிவிடும் என்கிறீர்கள். ஒப்புக்கொண்ட வழக்கில் இன்னும் பலமாக என்ன இருக்கிறது? வழக்கை எதிர்த்து நடத்துபவர்கள் இப்படி எழுதக் கூடாது, அது சரி. அங்கே தாயின் கடிதமே தீர்ப்புக்குப் பிறகு, தண்டனை பற்றிக் கேட்கும் கட்டத்தில்தான் வர வேண்டும். இங்கே நிலைமை வேறு. இந்தச் சட்டத்தில் வெளியே விடும்போதே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தாய் 3,200 ரூபாயோடு அந்தப் பெண் இழந்த ஒரு வாரச் சம்பளத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார். அதை நீதிமன்றம் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போகலாம் என்று யோசனை சொன்ன மகானுபாவர் யாரோ, அது சாட்சியைக் கலைப்பதாகப் போய் முடியும்.

கடிதத்தை நீதிபதியின் பெயருக்குத் தபாலில் அனுப்பச் சொல்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நடக்கிற வழக்கில் ஒரு தரப்பு நீதிபதிக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது முறையில்லை. எதிர்த் தரப்பும் பார்க்கும்படி வக்கீல் மூலம் தாக்கல் செய்ய வேண்டும். அதுவும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை பற்றிய கேள்வி அன்றைக்கே வந்துவிடலாம். "குடும்பக் கஷ்டம், கருணை காட்டுங்கள் ஐயா" என்ற ஒரே வரியோடு அது முடிந்துவிடும். எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் முடிகிறது. அலுவலரின் அறிக்கையைக் கேளுங்கள் என்று நினைவுபடுத்தக்கூட ஆள் இருப்பதில்லை. "உள்ளே போனால் புத்தி வரும்" என்பவர்கள் ஒருநாள் அந்த வராந்தாவில் போய் நின்று பாருங்கள்.

என்னிடமும் ஒரு சான்று கேட்டார்கள். "ஒருபோதும் பொய் பேசாதவன்" என்று எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தான், இத்தனை நாள் வந்தான், பத்தாம் வகுப்பில் இன்ன மதிப்பெண், அந்த இரண்டு ஆண்டில் அவன் மேல் புகார் வந்ததில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது கடிதம், பட்டறை முதலாளியின் கடிதம், பள்ளிச் சான்றிதழ் நகல், என் சான்று எல்லாம் வக்கீலிடம் இருக்கின்றன. அடுத்த வாய்தா இந்த மாதக் கடைசியில். அந்தப் பெண்ணைப் பற்றிய பத்தியை எடுக்கச் சொல்லி அந்தத் தாய்க்குப் போன் போடுபவர்கள், முதலில் எனக்குப் போடுங்கள்.