திரும்பினால் மங்கும் பாறை

2011-ல் வந்த ‘ரேஜ்’ விளையாட்டில் சட்டென்று பின்பக்கம் திரும்பிப் பாருங்கள். எதிரே உள்ள பாறை ஒரு கணம் மொழுமொழுவென்று நிற்கும். பிறகுதான் விரிசலும் கறையும் வந்து ஒட்டும். வெளியான புதிதில், அதுவும் கணினியில், இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட விளையாட்டு அது. எனக்கு அந்த மங்கல் பிடிக்கும். உள்ளே நடக்கும் வேலை வெளியே தெரிவது அங்கேதான்.

ஐடி சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக்குக்கு ஒரே பாறைப் படத்தை நூறு இடத்தில் ஒட்டுவதில் விருப்பமில்லை. நிலத்தின் ஒவ்வொரு அடிக்கும் தனிப் படம் வேண்டும் என்றார். அதற்கான ‘மெகாடெக்ஸ்சர்’ நீளத்திலும் அகலத்திலும் 1,31,072 புள்ளிகள் வரை போகும். சுருக்காமல் வைத்தால் 64 ஜிபி. எக்ஸ்பாக்ஸ் 360-ல் எல்லா வேலைக்கும் சேர்த்தே நினைவகம் 512 எம்பிதான்.

ஆனால் 1280×720 திரையில் இருப்பது ஒன்பது லட்சத்துச் சொச்சம் பிக்சல்கள். ஒரு நேரத்தில் கண்ணில் படுவது அவ்வளவே. உலகம் எத்தனை பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே டெக்ஸ்சரை, அதன் சிறிய பிரதிகளையும் சேர்த்து, 128 புள்ளிச் சதுரங்களாக நறுக்கினார்கள். ஒவ்வொன்றும் ஒரு ‘பக்கம்’. நினைவகத்தில் நிரந்தரமாக இருப்பது 4096 புள்ளிச் சதுரம் ஒன்று. அதில் 1,024 பக்கங்கள் அடங்கும்.

எந்தப் பக்கம் தேவை என்று எப்படித் தெரியும்? காட்சியைச் சிறிய அளவில் இன்னொரு முறை வரைகிறார்கள், வண்ணத்துக்குப் பதில் பக்க எண்ணை எழுதி. ப்ராசஸர் அதைப் படித்து, கையில் இல்லாத பக்கங்களை டிஸ்க்கிலிருந்து எடுத்து, பிரித்து, நெடுநேரம் யாரும் தொடாத பக்கத்தின் இடத்தில் வைக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையும் உடனே மாறும். புதுப் பக்கம் வந்து சேரும்வரை அட்டவணை அதே இடத்தின் சிறிய பிரதியைக் காட்டும். நாம் பார்த்த மங்கல் அதுதான்.

மங்கி, பிறகு தெளிந்தால் டிஸ்க் தாமதம். தெளிந்து மங்கி, மறுபடி தெளிந்து என்று ஓயாமல் துடித்தால் 1,024 இடம் போதவில்லை, பக்கங்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளுகின்றன என்று பொருள். இதற்கு எல்லாப் படத்தையும் கொஞ்சம் மங்கலாகக் கேட்பதே வழி. மூன்றாவது வகை, சுவரில் மூக்கு முட்ட நின்று எவ்வளவு காத்திருந்தாலும் தெளியாதது. அந்த நுணுக்கம் டிஸ்க்கிலேயே கிடையாது. எக்ஸ்பாக்ஸ் பதிப்பே மூன்று டிவிடி. இன்னும் நுணுக்கம் சேர்க்க இடமில்லை. வீடியோ நினைவகத்தின் பாரத்தை டிவிடியின் தலையில் கட்டியாயிற்று, அவ்வளவுதான்.

2020-ல் வந்த ‘டூம் எடர்னல்’ விளையாட்டில் ஐடி மெகாடெக்ஸ்சரைக் கைவிட்டது. பக்கங்களாக நறுக்கி, கேட்டதை மட்டும் ஏற்றும் முறை மட்டும் அன்ரியல் இன்ஜினில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.