பிழை கலைச்சொல்லில் இல்லை, வினையெச்சத்தில் இருந்தது

மருத்துவத் தமிழ் குறித்து நம் துறைகளில் உரையாடல் எழும்போதெல்லாம் அது கலைச்சொல்லில் தொடங்கிக் கலைச்சொல்லிலேயே முடிந்துவிடுகிறது. யூனிட் என்பதா, அலகு என்பதா? பேனா என்பதா, தூவல் என்பதா? நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். அண்மையில் என் கையால் எழுதிய ஒரே ஒரு தமிழ் வாக்கியம் என் பார்வையை மாற்றியது. அதில் கலைச்சொற்கள் யாவும் சரியாகவே இருந்தன. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆயினும் அதைப் படித்து நடந்த என் அத்தைக்கு மூன்று இரவுகள் ஒரு துளி இன்சுலின்கூட உடலில் ஏறவில்லை.

அத்தை பெங்களூர் அலசூரில் வசிக்கிறார். வயது அறுபத்திரண்டு. கன்னடம் பேசுவார், ஆனால் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்டபோதே அளவு மிக அதிகமாக இருந்ததால், மருத்துவர் இரவில் ஒருமுறை 10 யூனிட் கிளார்கின் இன்சுலினைப் பேனா வழியாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார். செவிலியர் கன்னடத்தில் பொறுமையாகச் செய்து காட்டினார். வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆங்கிலத் தாளை என்னிடம் நீட்டி, "எல்லாம் மறந்துடும்ப்பா, தமிழ்ல எழுதிக் குடு" என்றார். நான் எழுதிக் கொடுத்தது இது:

"ஊசியைப் பேனாவில் பொருத்தி, மூடியை நீக்கி, 2 யூனிட் வைத்து, அழுத்திப் பார்த்து, பிறகு 10 யூனிட் வைத்து, வயிற்றில் குத்தி, பொத்தானை அழுத்தி, 10 விநாடி கழித்து வெளியே எடுக்கவும்."

நான்காம் நாள் காலை அங்குச் சென்றேன். வெறும் வயிற்றில் எடுத்த அளவுகளைக் குறித்து வைத்திருந்தார்: 268, 274, 281. "மருந்து பத்தலை போல, டாக்டர்கிட்ட சொல்லி ஏத்தச் சொல்லணும்" என்றார். அடுத்து மகிழ்ச்சியோடு ஒன்று சொன்னார்: "ஆனா ஒரு விஷயம், வலியே தெரியலை. குத்துன மாதிரியே இல்லை."

குத்தவே இல்லை என்பதே உண்மை. செய்து காட்டச் சொன்னேன். பேனா ஊசிக்கு இரண்டு மூடிகள் உண்டு. வெளியே பெரியது ஒன்று, அதனுள் ஊசியை ஒட்டி மெல்லிய குழாய்போல் சின்னது ஒன்று. அத்தை பெரியதைக் கழற்றினார். சின்னது ஊசிமேலேயே இருந்தது. பொத்தானை அழுத்தினார், அளவுக் கட்டம் 0 காட்டியது, மருந்து சின்ன மூடிக்குள் கசிந்து நின்றது. பேனாவைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே முடிந்திருந்தது. கட்டத்தில் 0 தெரிந்தால் மருந்து பேனாவைவிட்டு வெளியேறியது என்று பொருள். உடலுக்குள் சென்றது என்று பொருளில்லை.

இது அத்தைக்கு மட்டும் நேர்ந்த தவறன்று. 2017 அக்டோபரில் அமெரிக்காவின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டு நிறுவனம் இதே பிழையைக் குறித்து நாடு தழுவிய எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. மருத்துவமனைகளில் பயன்படும் தானியங்கிப் பாதுகாப்பு ஊசிகளில் உள்மூடியைத் தனியே கழற்றும் வேலை இல்லை. அவற்றில் பயிற்சி பெற்று, வீட்டில் சாதாரண ஊசியைப் பயன்படுத்தியவர்கள் உள்மூடியைக் கழற்றாமலே போட்டுக்கொண்டனர். முதல் வகை நீரிழிவு உள்ள ஒருவர் அதனால் கீட்டோ அமில நிலைக்குச் சென்று இறந்தார். அத்தைக்கு இருந்த ஆபத்து வேறு வகையானது. மருந்து போதவில்லை என்று எண்ணி மருத்துவர் அளவைக் கூட்டியிருப்பார். பிறகொரு நாள் தற்செயலாகச் சின்ன மூடியும் கழன்றிருந்தால், கூட்டிய அளவு முழுவதும் ஒரே இரவில் உள்ளே சென்று சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருக்கும்.

இனி என் வாக்கியத்துக்கு வருகிறேன். அது அத்தையை மூன்று இடங்களில் கைவிட்டது. மூன்றும் தமிழின் அமைப்போடு தொடர்புடையவை.

முதலாவது, "மூடியை நீக்கி". அஃறிணைப் பெயருக்குத் தமிழில் பன்மை விகுதி கட்டாயமில்லை. பால்பகா அஃறிணைப் பெயர் என்று நாம் பாடமாகப் படித்தது இதைத்தான். ஆங்கிலத் தாளில் வெளிமூடிக்கு ஒரு படியும் உள்மூடிக்கு ஒரு படியும் தனித்தனியே இருந்தன. நான் சுருக்கம் கருதி இரண்டையும் சேர்த்தேன். 'மூடி' என்னும் சொல் அவ்விரண்டையும் தாங்கும் என்று என் தமிழறிவு சொன்னது. தாங்கும்தான், ஆனால் ஒன்றை மட்டும் கழற்றியவருக்கும் அதே சொல் நிறைவு தந்துவிடும். பேனாவின் மூடியையும் சேர்த்தால் அத்தையின் கையில் மூன்று மூடிகள் இருந்தன. என் வாக்கியத்தில் இருந்ததோ ஒன்று.

இரண்டாவது, "அழுத்திப் பார்த்து". மருந்து போடுமுன் 2 யூனிட் வைத்து அழுத்தி, ஊசி நுனியில் சொட்டு வருவதைக் கண்ணால் காண வேண்டும். பேனாவில் காற்று நிற்கவில்லை, ஊசி அடைபடவில்லை என்பதற்கு அந்தச் சொட்டே சான்று. உள்மூடி கழற்றப்படாவிட்டால் அதையும் காட்டிக்கொடுக்கக்கூடிய படி இது ஒன்றே. நான் 'பார்த்து' என்பதை முதன்மை வினையாக எண்ணி எழுதினேன். அத்தை அதைத் துணைவினையாகப் படித்தார். 'சொல்லிப் பார்', 'கேட்டுப் பார்' என்பவற்றில் பார்ப்பதற்கு எதுவுமில்லை, முயல்வது மட்டுமே உண்டு. அதுபோலவே பொத்தான் வேலை செய்கிறதா என்று அழுத்தி முயன்றார். வேலை செய்தது. அடுத்த படிக்குச் சென்றார். எதைப் பார்ப்பது, காணாவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவே இல்லை.

மூன்றாவது, "பொத்தானை அழுத்தி, 10 விநாடி கழித்து". மெல்லிய ஊசி வழியே மருந்து முழுவதும் இறங்கச் சில விநாடிகள் ஆகும். அதுவரை கட்டைவிரல் பொத்தானைவிட்டு எழக் கூடாது. 'அழுத்தி' என்னும் இறந்தகால வினையெச்சம் அழுத்தியதைச் சொல்கிறது, அழுத்திக்கொண்டே இருப்பதைச் சொல்வதில்லை. அத்தை அழுத்தினார், விரலை எடுத்தார், பத்து எண்ணினார். என் வாக்கியம் சொன்னபடியே நடந்தார். உள்மூடி கழன்றிருந்தாலும் மருந்தின் ஒரு பகுதி ஊசி நுனியிலிருந்து தோல்மேல் வழிந்திருக்கலாம். இங்கு வேண்டியிருந்தது 'அழுத்தியபடியே'.

அடுத்தடுத்து வினையெச்சங்கள், இறுதியில் ஒரே ஒரு வினைமுற்று. நல்ல தமிழ் நடை என்று நாம் பாராட்டும் தொடரமைப்பு இது. கதை சொல்ல இதற்கு இணையில்லை, ஏனெனில் ஒரு செயல் அடுத்ததற்குள் வழுக்கிச் செல்கிறது. செய்முறைக் குறிப்பில் அந்த வழுக்கலே கேடு. ஒவ்வொரு செயலும் முடிந்ததா என்று நின்று பார்க்க அங்கே இடமில்லை. கன்னடத்திலும் இதே தொடரமைப்பு உண்டு, 'பார்' என்பதற்கு நிகரான துணைவினையும் உண்டு. செவிலியர் அப்படித்தான் பேசியிருப்பார். ஆனால் வினையெச்சம் விட்டதை அவர் கை காட்டியது. தாளுக்குக் கை இல்லை.

மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னோம். விடுபட்டதை ஈடுகட்டச் சேர்த்துப் போட வேண்டாம், இன்றிரவு அதே 10 யூனிட்டிலிருந்து தொடங்குங்கள் என்றார். அன்று மாலை மீண்டும் எழுதினேன். இம்முறை அத்தையை அருகில் வைத்துக்கொண்டு, அவர் கை நின்ற இடத்திலெல்லாம் வாக்கியத்தை முடித்தேன்.

1. கையைக் கழுவுங்கள். பேனாவின் மூடியைக் கழற்றுங்கள். மருந்து தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் போடாதீர்கள்.
2. புது ஊசியின் காகிதத்தைக் கிழியுங்கள். ஊசியைப் பேனாமேல் நேராக வைத்துத் திருகுங்கள்.
3. பெரிய மூடியைக் கழற்றுங்கள். பத்திரமாக வையுங்கள், கடைசியில் வேண்டும்.
4. சின்ன மூடியைக் கழற்றுங்கள். எறிந்துவிடுங்கள். இப்போது ஊசி கம்பிபோல் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
5. எண்ணை 2-இல் வையுங்கள். ஊசி மேலே பார்க்கும்படி பேனாவை நிமிர்த்துங்கள். பொத்தானை அழுத்துங்கள். ஊசி நுனியில் சொட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இந்தப் படியை மறுபடியும் செய்யுங்கள். மூன்று முறையும் தெரியாவிட்டால் ஊசியை மாற்றுங்கள். அப்போதும் வராவிட்டால் போடாதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள்.
6. எண்ணை 10-இல் வையுங்கள்.
7. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நேற்றுப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, ஊசியை நேராகக் குத்துங்கள்.
8. பொத்தானை முழுவதும் அழுத்துங்கள். கட்டத்தில் 0 தெரிய வேண்டும்.
9. கட்டைவிரலை எடுக்காதீர்கள். அழுத்தியபடியே ஒன்றிலிருந்து பத்து வரை மெதுவாக எண்ணுங்கள்.
10. ஊசியை நேராக வெளியே எடுங்கள்.
11. பெரிய மூடியை ஊசிமேல் மாட்டுங்கள். ஊசியைத் திருகிக் கழற்றுங்கள். கெட்டியான டப்பாவில் போடுங்கள். பேனாவை மூடுங்கள்.

வினையெச்சத்தை நான் முழுவதும் விலக்கவில்லை. "நேராக வைத்துத் திருகுங்கள்" என்பதில் இரண்டும் கையின் ஒரே அசைவு, அங்கு அது பொருந்துகிறது. செயல் மாறும் இடத்தில் வினைமுற்று. பிழை நேரக்கூடிய இடத்தில் 'தெரிய வேண்டும்' என்று முடியும் ஒரு சான்று வாக்கியம். என் விதி இவ்வளவே. 'ஊசி' என்னும் சொல்லையும் கம்பிக்கு மட்டுமே வைத்துக்கொண்டேன், ஏனெனில் 'ஊசி போடுதல்' என்னும்போது அது மருந்தையும் குறிக்கும். 'யூனிட்' அப்படியே இருக்கட்டும் என்றார் அத்தை. ஐந்தாம் படிக்கு அவரே 'சொட்டுப் பார்க்குறது' என்று பெயர் வைத்தார். எந்தக் கலைச்சொல் அகராதியிலும் இதைவிடத் தெளிவான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் குறிப்பை வேறு எவரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இது ஓர் ஊசிக்கும் ஒரு தெளிந்த மருந்துக்கும் எழுதியது. கலங்கலான இன்சுலினுக்குப் பேனாவை உருட்டிக் கலக்கும் படி வேண்டும், பேனாக்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செவிலியர் செய்து காட்டுவதற்கு இது மாற்றும் ஆகாது.

துறை நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. மொழிபெயர்ப்புத் தாள்களில் நாம் மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்து மதிப்பெண் இடுகிறோம். என் முதல் வாக்கியம் அந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கும். செய்முறைக் குறிப்புக்குத் தேர்வாளர் வேறொருவர். மூலத்தைப் படிக்காத ஒருவர் கையில் பேனாவையும் வெற்று ஊசியையும் கொடுத்து, தாளைப் படித்துச் செய்யச் சொல்லுங்கள். 'புரிந்ததா' என்று கேட்காதீர்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் கேட்டேன். அத்தை "புரிஞ்சுதுப்பா" என்றுதான் சொன்னார்.